‘நாம்’ யார், ‘நாங்கள்’ யார்? நட்பைப் பற்றிய குறுநாவலுக்கு வகுப்புக் கேள்விகள் தயாரிக்கும் முறை

மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள். ஒன்பது வயதிலிருந்து பதினொன்று வரை, அதாவது ஐந்தாம் ஆறாம் வகுப்பில் படிப்பவர்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள், கேட்டால் புரிந்துகொள்வார்கள், பேசச் சொன்னால்தான் திணறுவார்கள். இவர்களோடு நட்பைப் பற்றிய ஒரு குறுநாவலை ஐந்து வாரம் வாசித்தேன். அதற்குக் கேள்விகள் தயாரித்த விதத்தைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். இதே போல் வகுப்பு எடுப்பவர்களுக்கு அப்படியே பயன்படும்.

நாவல் நானே எழுதி நகலெடுத்துத் தைத்தது. எட்டு அத்தியாயம், முப்பத்திரண்டு பக்கம். கேசன், தேவன் என்று இரண்டு பையன்கள். பள்ளி ஆலமரத்தடியில் எப்போதும் சேர்ந்து கோலி விளையாடுவார்கள். ரொட்ரீக் தீவிலிருந்து ஜோயல் என்று ஒரு புதுப் பையன் வகுப்பில் சேருகிறான். ஜோயலைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் கதை. நடுவில் தேவனின் நீலக் கோலி தொலைகிறது, ஜோயல் மேல் சந்தேகம் விழுகிறது, ஒரு புயல் அடிக்கிறது, கோலி கிடைக்கிறது. நீங்கள் வேறு எந்தக் கதையை எடுத்தாலும் முறை இதுதான்.

முதலில் கதையில் நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பலர் அத்தியாயத்துக்குப் பத்துக் கேள்வி என்று எழுதுவார்கள். நானும் முன்பு அப்படித்தான் எழுதினேன். எண்பது கேள்வி சேர்ந்தது, ஒன்றுக்கும் பேச்சு வரவில்லை. பிள்ளைகள் பரீட்சை போலப் பதில் சொன்னார்கள், நான் ‘சரி’ என்றேன், அடுத்ததற்குப் போனோம்.

இப்போது நாவலை இரண்டு முறை வாசிக்கிறேன். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை கையில் பென்சில். நட்பு ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் திரும்பும் இடம் எங்கே வருகிறதோ அங்கே ஒரு கோடு. முப்பது நாற்பது பக்கக் கதையில் அப்படி மூன்று நான்கு இடம்தான் இருக்கும். இந்தக் கதையில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று. முதல் வாரம் ஒன்றும் இரண்டும் வாசிக்க மட்டும். யார் யார், எங்கே நடக்கிறது என்பது மனதில் நிற்க வேண்டும் அல்லவா? அடுத்த நான்கு வாரமும் வாரத்துக்கு ஓர் இடம், ஓர் இடத்துக்கு இரண்டு அல்லது மூன்று கேள்வி. அவ்வளவுதான்.

கேள்வியை எழுதியதும் சோதித்துப் பாருங்கள்

எழுதிய ஒவ்வொரு கேள்வியையும் நான் இப்படிச் சோதிக்கிறேன்: இரண்டு பிள்ளைகள் எதிரும் புதிருமாகப் பதில் சொல்லி, இருவருமே புத்தகத்தில் ஒரு வரியைக் காட்ட முடியுமா? முடியும் என்றால் கேள்வியை வைத்துக்கொள்கிறேன். இல்லை என்றால் அடித்துவிடுகிறேன்.

‘நல்ல நண்பன் என்றால் யார்?’ என்ற கேள்வி இந்தச் சோதனையில் தோற்கிறது. கதையை வாசிக்காத பிள்ளையும் ‘உதவி செய்பவன்’ என்று சொல்லிவிடும். ‘இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்பதும் அப்படித்தான். அதைக் கேட்டதும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். மிஸ்ஸுக்கு என்ன பதில் பிடிக்கும் என்று தேடுகிற பார்வை அது. அந்தப் பார்வை வந்தால் கேள்வி தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோலி தொலைந்ததும் கேசன் ஆசிரியையிடம் பேசுகிறான். முதலில் நான் எழுதிய கேள்வி, ‘பொய் சொல்வது சரியா?’ கேட்டிருந்தால் பதினான்கு பேரும் ஒரே குரலில் ‘தப்பு’ என்றிருப்பார்கள். மறுபடி பக்கத்தைப் பார்த்தேன். கேசன் ‘ஜோயல் எடுத்தான்’ என்று எங்குமே சொல்லவில்லை. ‘ஜோயல் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், மிஸ்’ என்கிறான். அது உண்மை. ஜோயல் அங்கேதான் நின்றான். ஆகவே கேள்வியை மாற்றினேன்: ‘கேசன் சொன்னது பொய்யா?’ அன்று இருபது நிமிஷம் ஓடியது. சிலர் வரியைக் காட்டி ‘ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை’ என்றார்கள். ஒரு பெண் முந்தின பக்கத்தைத் திருப்பி, ‘அங்கே தேவனும் நின்றான், கேசனும் நின்றான். ஜோயல் பேரை மட்டும் ஏன் சொன்னான்?’ என்று கேட்டாள். நான் எழுதி வைத்திருந்த அடுத்த கேள்விக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

நேரடித் தகவல் கேள்வி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய கேள்விக்கு முன்னால் ஒன்று கேட்கலாம். ‘அப்போது மரத்தடியில் யார் யார் இருந்தார்கள்?’ என்பது போல. அது புத்தகத்தைத் திறக்க வைக்கும். கதை புரியாமல் பின்தங்கிய பிள்ளையும் பேச்சுக்குள் வந்துவிடும்.

ஓர் இடத்தை முழுக்க நடத்திக் காட்டுகிறேன்

மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் இப்படி வருகிறது. மணி அடிக்கும் நேரம், மூவரும் மரத்தடியில் நிற்கிறார்கள்.

‘நாங்கள் நாளைக்குக் கடலுக்குப் போகிறோம்’ என்றான் கேசன். தேவன் நீலக் கோலியைச் சட்டையில் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கோலிதான். ஜோயல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த முதல் சொல்லிலேயே கதவு சாத்திய சத்தம் கேட்டுவிடும். நம் பிள்ளைகளுக்குக் கேட்காது. ஏனென்றால் கிரியோலில் ‘நூ’ என்று ஒரே சொல்தான். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அப்படியே. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, கேட்பவரை விட்டுச் சொன்னால் ‘நாங்கள்’ என்று பிரிப்பது இவர்கள் படிக்கும் மொழிகளில் தமிழில் மட்டும்தான். நட்பைப் பற்றிய கதைக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் இதை இலக்கணமாகத் தொடங்கினால் பிள்ளைகள் உடனே சோர்ந்துவிடுவார்கள். நான் பலகையில் மூன்று புள்ளி வைத்து கே, தே, ஜோ என்று எழுதினேன். ‘கேசன் பேசுகிறான். ஜோயல் கேட்கிறான். நாளைக்குக் கடலுக்குப் போவது யார்? வட்டம் போடுங்கள்’ என்றேன். ஒரு பையன் வந்து மூன்று புள்ளியையும் சேர்த்து வட்டம் போட்டான். அவன் மனதில் ‘நூ’ ஓடியிருக்கிறது. இன்னொரு பெண், அவள் பாட்டி வீட்டில் கொஞ்சம் தமிழ் பேசுபவர், எழுந்து வந்து அழித்துவிட்டு கே, தே இரண்டை மட்டும் சுற்றினாள். அப்போதுதான் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் பலகையில் எழுதினேன். அதன் பிறகு வினாக்கள்.

முதல் வினா: கேசன் ‘நாம்’ என்று சொல்லியிருந்தால் ஜோயல் பையை மாட்டிக்கொண்டிருப்பானா?

இரண்டாவது: துடைத்த கோலியைத் தேவன் ஏன் மறுபடி துடைக்கிறான்?

இரண்டாவதுதான் அன்றைய முக்கியக் கேள்வி. தேவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் கேசனோடு ஒத்துப்போகிறானா, இல்லையா என்று கதை சொல்லவில்லை. கேட்டதும் இரண்டு நிமிஷம் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னேன், கிரியோலிலேயே. இது முக்கியம். யோசிப்பதும் தமிழில் சொல்வதும் ஒரே நேரத்தில் இந்த வயதுக்கு இரட்டைச் சுமை. முதலில் யோசனை வரட்டும், அப்புறம் தமிழ் வரும்.

‘லி பா தி தாந்தே’ என்றான் ஒரு பையன். அவனுக்குக் காதில் விழவில்லை என்கிறான். ‘எந்த வரியைப் பார்த்துச் சொல்கிறாய்?’ என்று கேட்டேன். தேடினான், கிடைக்கவில்லை. பக்கத்துப் பையன், ‘மூணு பேரும் பக்கத்தில பக்கத்தில நிக்கிறாங்க, கேக்கும்’ என்றான். இன்னொருத்தி, ‘கேட்டுச்சு. அவனுக்கும் ஜோயல் வர்றது பிடிக்கலை’ என்றாள். அதற்கு ஒரு சின்னப் பெண், வழக்கமாக வாய் திறக்காதவள், ‘இல்லை மிஸ், முகத்தைப் பார்க்க முடியலை, அதனாலதான் கோலியைப் பார்க்கிறான்’ என்றாள். அவளுக்கு வேண்டிய சொல் ‘தயக்கம்’. அந்த நிமிஷத்தில் பலகையில் எழுதினேன். முன்கூட்டியே சொற்பட்டியலில் கொடுத்திருந்தால் நிற்காது. தேவைப்பட்ட நேரத்தில் கொடுத்ததால் அடுத்த வாரம் நான்கு பேர் அதே சொல்லைச் சொன்னார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘நாங்கள்’ என்றாலே ஒதுக்குவது என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். என் வகுப்பிலும் நடந்தது. ‘நாங்கள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டோம், மிஸ்’ என்று ஒருவன் சொன்னதும் பக்கத்துப் பெண் ‘மிஸ்ஸை ஒதுக்குறான்’ என்றாள். வீட்டுப்பாடம் நான் செய்யவில்லையே, ஆகவே அங்கே ‘நாங்கள்’தான் சரி என்று விளக்கினேன். சொல் மேல் குற்றம் இல்லை. கேட்பவர் உள்ளே வர ஆசைப்படும்போது வெளியே நிறுத்தினால்தான் அது உறுத்துகிறது. இந்தத் தெளிவை அன்றே கொடுத்துவிடுங்கள்.

கேட்ட பிறகு நீங்கள் செய்ய வேண்டியது

கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்டதும் நாமே பேசிவிட்டால் கெட்டுப்போகும். வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் காட்டினார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின, அதிகம் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி சின்னதாகத் தெரியும். வகுப்பின் முன்னால் நின்று மௌனமாக எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று புரியும். இரண்டாம் மொழியில் பதில் தேடும் பிள்ளைக்கு நான் ஐந்து வரை எண்ணுகிறேன்.

அடுத்தது, ‘ரொம்ப நல்ல பதில்!’ என்று சொல்லாதீர்கள். பாராட்டுவதில் தவறில்லை, ஆனால் அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். மற்றவர்கள் பதில் கிடைத்துவிட்டது என்று கையை இறக்கிவிடுவார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு, ‘வேறு யாருக்கு வேறு மாதிரி தோன்றுகிறது?’ என்று மட்டும் கேட்கிறேன்.

பேசத் தயங்குபவர்களுக்கு மூன்று வாக்கியத் தொடக்கங்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது, ஏனென்றால்…’, ‘…ஆம் பக்கத்தில் இப்படி வருகிறது’, ‘நீ சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால்…’. மூன்றாவதுதான் அதிகம் பயன்படுகிறது. மறுத்துப் பேசுவதற்கு மரியாதையான ஒரு வாக்கியம் கையில் இருந்தால், சாதுவான பிள்ளையும் மறுக்கிறது.

எழுந்து நிற்க வைக்கும் கேள்வி

நாவலின் நடுப்பகுதியில் வகுப்பு கொஞ்சம் சோம்பும். அந்த வாரத்துக்கு உடம்பை அசைக்கும் கேள்வி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் அத்தியாயத்தில் புயல். பள்ளி மூடியிருக்கிறது, மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேவன் பையைத் துழாவும்போது உள்பக்கத் தையல் கிழிசலில் நீலக் கோலி அகப்படுகிறது. யாரும் திருடவில்லை. பள்ளி திறக்க இரண்டு நாள் ஆகும். என் கேள்வி: ‘தேவன் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?’ மண்டபத்தின் ஒரு மூலை ஜோயல், ஒரு மூலை கேசன், ஒரு மூலை ஆசிரியை. போய் நிற்கச் சொன்னேன். பேச்சின் நடுவே மனம் மாறினால் மூலையும் மாறலாம், ஆனால் எந்தக் காரணம் மாற்றியது என்று சொல்ல வேண்டும்.

எட்டுப் பேர் ஜோயல் பக்கம். ஐந்து பேர் கேசன் பக்கம். ஆசிரியை மூலையில் ஒருவரும் இல்லை. ஒரு பையன் மட்டும் நடுவிலேயே நின்றான். ‘யாரிடமும் சொல்ல வேண்டாம். மரத்தடியில் போட்டுவிட்டு, தேடும்போது கிடைத்த மாதிரி எடுக்கலாம்’ என்றான். இந்தப் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. ‘அப்படிச் செய்தால் ஜோயல் மேல் பழி போய்விடுமா?’ என்று கேட்டேன். போய்விடும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. அப்புறம் என்ன குறை? கேசன் மூலையிலிருந்து ஒருத்தி, ‘ஜோயல் மன்னிச்சிடுவான். ஆனா தேவன் என்ன செஞ்சான்னு அவனுக்குத் தெரியாமலே மன்னிப்பான்’ என்றாள். கிரியோலில் சொன்னதை மூவர் சேர்ந்து தமிழாக்கினார்கள். இரண்டு பேர் இடம் மாறினார்கள். நடுவில் நின்றவன் மாறவில்லை. அவனை மாற்ற நானும் முயலவில்லை.

பேச்சு வகுப்புச் சண்டைக்குள் போய்விட்டால்

நட்புக் கதைகளில் இது கண்டிப்பாக நடக்கும். ‘அன்னிக்கு நீயும் என்னை இப்படித்தானே செஞ்சே’ என்று ஒரு குரல் எழும். அந்தப் பிள்ளை சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் எல்லார் முன்னாலும் அதைப் பேசினால் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளை அடுத்த வாரம் வாய் திறக்காது.

அதனால் முதல் வாரமே ஒரு விதி சொல்லிவிடுகிறேன்: மண்டபத்தில் பேசும்போது கேசன், தேவன், ஜோயல் பேர் மட்டும். நம் பேர் கிடையாது. ‘உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?’ என்ற கேள்வியை வாய்ப்பேச்சில் நான் கேட்பதே இல்லை. யாருக்காவது சொந்தக் கதை சொல்ல வேண்டியிருந்தால் ஒரு தாளில் எழுதி மடித்து என்னிடம் தரலாம், வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஐந்து வாரத்தில் மூன்று தாள் வந்தன. ஒன்றைப் பற்றி மட்டும் வகுப்பு முடிந்து தனியாகப் பேசினேன். பெற்றோரிடமோ வேறு ஆசிரியரிடமோ சொல்லியாக வேண்டிய விஷயம், அடி உதை போல, வந்தால் சொல்வேன் என்பதையும் முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசிக் கேள்வியைக் கடைசி வரியிலேயே தேடுங்கள்

நாவல் முடிந்ததும் மொத்தக் கதைக்கும் ஒரு பெரிய கேள்வி கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அது மறுபடி அந்த ‘என்ன கற்றுக்கொண்டாய்’ இடத்துக்கே கொண்டுபோகும். கடைசிப் பக்கத்தில் முதல் வாரங்களோடு ஒட்டும் ஒரு வரி இருக்கும், அதைப் பிடியுங்கள். நானே எழுதிய கதை என்பதால் எனக்கு வசதி. மூன்றாம் அத்தியாய வாக்கியத்தையே எட்டாம் அத்தியாயத்தில் திரும்ப வைத்தேன், ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு.

பழி நீங்கிவிட்டது. தேவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். மூவரும் அதே மரத்தடியில் நிற்கிறார்கள். மணி அடிக்கிறது. ‘நாளைக்குக் கடலுக்குப் போகிறோம்’ என்கிறான் கேசன். அவ்வளவுதான், கதை முடிகிறது.

‘நாம்’ இல்லை, ‘நாங்கள்’ இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது வழக்கம். ‘போகிறோம்’ இரண்டுக்கும் பொருந்தும். பலகையில் மறுபடி மூன்று புள்ளி வைத்து, ‘வட்டம் போடுங்கள்’ என்றேன்.

இந்த முறை ஒருவரும் அவசரப்படவில்லை. மூன்று புள்ளியையும் சுற்றியவர்கள், ‘ஒதுக்குவதாக இருந்தால் மூன்றாம் அத்தியாயம் மாதிரி நாங்கள் என்றே சொல்லியிருப்பான்’ என்றார்கள். இரண்டை மட்டும் சுற்றியவர்கள், ‘சேர்ப்பதாக இருந்தால் நாம் என்று சொல்வதற்கு என்ன?’ என்றார்கள். இரு பக்கமும் அதே வரியைத்தான் காட்டினார்கள். ஒரு பையன், சொல்ல வெட்கப்பட்டு அந்தச் சொல்லைக் கேசன் விழுங்கிவிட்டான் என்றான். ‘தயக்கம்’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது.

அந்தச் சின்னப் பெண் மட்டும் புத்தகத்தை மூடாமல் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘மிஸ், அவன் யாரைப் பார்த்துச் சொன்னான்னு எழுதவே இல்லையே’ என்றாள். நான் பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவள் பக்கத்தின் அடியில், வெற்று இடத்தில், எழுதத் தொடங்கினாள்.